கம்பெனிக்கு ஒரு கட்டணம், சொந்தக் காசில் வருபவருக்கு ஒரு கட்டணம்: சிறிய பயிற்சிக்கூடம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் எக்செல், டேலி, பவர் பிஐ சொல்லித்தரும் சிறிய பயிற்சிக்கூடம் எங்களுடையது. வார நாட்களில் பம்ப் தொழிற்சாலை, நூற்பாலை, மருத்துவமனை ஆகியவற்றின் கணக்குப் பிரிவினருக்கு வகுப்பு எடுக்கிறோம். சனி, ஞாயிறுகளில் வேலை தேடும் பி.காம். பட்டதாரிகளும், குழந்தை பிறந்ததால் வேலையை விட்டு மறுபடி நுழைய நினைக்கும் பெண்களும், சின்னக் கடை வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே கட்டணம் கிடையாது. இதைப் பற்றிச் சக பயிற்சியாளர்களும், கம்பெனி எச்.ஆர். அதிகாரிகளும், மாணவர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரும் தொகைகள் கணக்கு எளிதில் புரிவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரித் தொகைகள். உங்கள் ஊர் வாடகையையும் சம்பளத்தையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"கம்பெனியிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கினால், தனிநபருக்கு எவ்வளவு குறைக்கலாம்? ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?"

விலையிலிருந்து தொடங்கினால் பதில் கிடைக்காது. உங்கள் கூடத்தில் ஒரு மணி நேரம் சொல்லித்தருவதற்கு என்ன செலவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பன்னிரண்டு நாற்காலி, இரண்டு பயிற்சியாளர்கள் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை 30,000 ரூபாய். பயிற்சியாளர் சம்பளம் தலைக்கு 45,000. இருவரில் ஒருவர் உரிமையாளராக இருந்தாலும் அவருக்கும் சம்பளம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். வரவேற்பிலும் போனிலும் இருப்பவருக்கு 18,000. மின்சாரம், இணையம், கணினிப் பராமரிப்பு, மென்பொருள் சந்தா எல்லாம் சேர்த்து 22,000. மொத்தம் மாதம் 1,60,000 ரூபாய். மாதத்தில் 120 மணி நேரம் விற்பனையாகிறது என்றால் ஒரு மணி நேரத்தின் அடக்க விலை சுமார் 1,333 ரூபாய்.

இனி வார இறுதி வகுப்பு. 24 மணி நேரப் பாடத்துக்கு நேரச் செலவு மட்டும் 32,000. நோட்டு, டீ, பணம் கட்டும் செயலிக்கான கமிஷன் என்று ஆளுக்கு 300 கூடும். கட்டணம் 2,500 என்று வைத்து, எட்டுப் பேர் சேர்ந்தால் வரவு 20,000, செலவு 34,400. துண்டு விழுவது 14,400.

கம்பெனி நாள் வேறு மாதிரி. வகுப்பு ஆறு மணி நேரம்தான். ஆனால் அவர்களுடைய ஸ்டாக் அறிக்கையையும் சம்பளப் பட்டியலையும் வாங்கி, அதிலேயே பயிற்சி தயாரிக்க இன்னொரு ஆறு மணி நேரம் போகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 16,000, போக்குவரத்தும் சாப்பாடும் 2,000, ஆக 18,000. அதற்கு 30,000 வாங்கினால் மிச்சம் 12,000.

ஆக ஒரு கம்பெனி நாளின் மிச்சம், எட்டுப் பேர் உட்கார்ந்த ஒரு பேட்சின் துண்டைக்கூட அடைக்காது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் கம்பெனிக் கட்டணத்தை இன்னும் உயர்த்தலாம் என்ற முடிவுக்குப் போகிறார்கள். அதற்கு முன் அடுத்த கேள்வியைப் படித்துவிடுங்கள்.

"அப்படியானால் கம்பெனிக்கு 40,000 சொல்லிவிடலாமா?"

சந்தை தாங்கினால் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் எடுக்க வேண்டிய தொகை உங்கள் அறைக்குள்ளேயே, காலியாக இருக்கும் நாற்காலிகளில் கிடக்கிறது.

அதே பேட்சில் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு பேர் இருந்தால் வரவு 30,000, செலவு 35,600. துண்டு 14,400 இலிருந்து 5,600 ஆகச் சுருங்குகிறது. இப்போது அதே 12,000 ரூபாய் மிச்சம் இரண்டு பேட்சுகளைத் தாங்கி, கொஞ்சம் கையிலும் நிற்கிறது. கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. நான்கு நாற்காலிகள் நிரம்பின, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு உதாரணமாக எல்லோரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்வார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கட்டுவோரிடமிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது. ஆனால் பணக்காரரிடம் கறந்து ஏழைக்குக் கொடுத்தார்கள் என்று அதைப் புரிந்துகொள்வது பாதிதான் சரி. பணம் கட்டுவோரின் கட்டணமும் அங்கே அதிகமில்லை. ஒரு மருத்துவர் செய்யும் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையை வேலை ஒழுங்கால் பலமடங்காக்கி, ஒவ்வொன்றின் அடக்க விலையையும் குறைத்தார்கள். 1992இல் அரோலேப் தொடங்கி விழிவில்லையையும் தாங்களே தயாரித்தார்கள். பயிற்சிக்கூடத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விலையைக் கூட்டும் முன் நிரப்பு என்பதுதான்.

நாற்காலி நிரப்ப நாங்கள் செய்வது விளம்பரம் அல்ல. பேட்ச் தொடங்கும் தேதியை மாதம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தால் மீதி இரண்டிலும் ஆள் சேரும். "எப்போது வேண்டுமானாலும் சேரலாம்" என்ற வசதி பார்க்க நன்றாக இருக்கும். அரை அறையோடு வகுப்பு நடத்த வைப்பதும் அதுதான்.

"ஒரு கம்பெனி நாள் ரத்தானால் 12,000 நஷ்டம், அவ்வளவுதானே?"

28,000 நஷ்டம். இந்த முறையின் உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அந்த 18,000 ரூபாய் செலவில் 16,000 என்பது சம்பளம், வாடகை ஆகியவற்றின் பங்கு. வகுப்பு ரத்தானாலும் வாடகை கொடுக்கத்தான் வேண்டும். மிச்சமாவது போக்குவரத்தும் சாப்பாடும் மட்டுமே, அதாவது 2,000. எனவே 30,000 வரவு போய், 2,000 செலவு குறைகிறது.

ஒரு மாதம் முழுவதையும் வைத்துப் பார்க்கலாம். மூன்று பேட்ச், நான்கு கம்பெனி நாள். பேட்சுக்கு எட்டுப் பேர் என்றால் எல்லாம் போக மாதக் கடைசியில் நிற்பது 4,800 ரூபாய். கம்பெனி நாள் ஒன்று கழன்றால் 23,200 நஷ்டம். பேட்சுக்குப் பன்னிரண்டு பேர் என்றால் நிற்பது 31,200; கம்பெனி நாள் ஒன்று போனாலும் 3,200 மிஞ்சுகிறது. முதல் கூடம் கம்பெனிகளின் தயவில் ஓடுகிறது. இரண்டாவது கூடத்தை ஒரு எச்.ஆர். அதிகாரி வேலை மாறியதால் மூட வேண்டியதில்லை.

கம்பெனி வேலை கழன்றுவிடுவது அடிக்கடி நடப்பதுதான். தணிக்கை வந்துவிட்டது, ஆர்டர் குவிந்துவிட்டது, யாரையும் விட முடியாது என்று முதல் நாள் மாலை போன் வரும். ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் பாதித் தொகை என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மின்னஞ்சலில் சொன்னது போதாது. கணக்குப் பிரிவு பார்ப்பது ஆர்டரை மட்டும்தான்.

"நான் எச்.ஆர். துறையில் இருக்கிறேன். உங்கள் வார இறுதி வகுப்பு 24 மணி நேரம், 2,500 ரூபாய். எங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 30,000 கேட்கிறீர்கள். எப்படி நியாயம்?"

நீங்கள் வாங்குவது ஒரு நாற்காலி அல்ல, ஒரு முழு நாள். பதினைந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 2,000 வருகிறது. வார இறுதி வகுப்பில் நாங்கள் வைத்த தேதியில், எங்கள் அறையில், எங்கள் பயிற்சித் தாளோடு நடக்கும் பாடம் கிடைக்கும். உங்களுக்கு நீங்கள் சொன்ன தேதியில், உங்கள் வளாகத்தில், உங்கள் ஸ்டாக் பதிவேட்டை வைத்து வகுப்பு நடக்கிறது. முடிந்ததும் யார் எதில் தேறினார், யாருக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்ற அறிக்கை வருகிறது. பணத்தையும் நீங்கள் பிறகுதான் தருகிறீர்கள்.

சக பயிற்சியாளர்களுக்கு இதோடு ஒரு வார்த்தை. "உங்கள் பணத்தில் ஏழை மாணவர்களுக்குச் சலுகை தருகிறோம்" என்று கொட்டேஷனோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். அது விலைக்குக் காரணம் ஆகாது. வார இறுதி வகுப்பே இல்லாவிட்டாலும் இதே 30,000 சொல்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது விலை. இல்லை என்றால் நன்கொடை கேட்கிறீர்கள் என்று பொருள். பர்ச்சேஸ் துறை நன்கொடை தராது. சலுகைக் கட்டணம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதை உங்கள் அறிமுகப் பக்கத்தில் ஒளிவுமறைவின்றி எழுதி வையுங்கள். படிப்பவர் படிக்கட்டும்.

"சட்டப்படி ஒரே பாடத்துக்கு இரண்டு விலை வைக்கலாமா?"

வைக்கலாம். அதிகபட்ச விற்பனை விலை என்பது பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருட்களுக்கானது; சேவைக்குப் பொருந்தாது. விலையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று போட்டிச் சட்டம் சொல்வது சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனங்களுக்கு. பன்னிரண்டு நாற்காலிக் கூடத்துக்கு அந்தக் கவலை இல்லை.

"கல்விக்கு ஜிஎஸ்டி கிடையாதே, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?"

வரிவிலக்கு முக்கியமாகப் பள்ளிக் கல்விக்கும், சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதிக்கான படிப்புகளுக்கும்தான். எக்செல் வகுப்பு அதில் வராது. 18 சதவீதம் கட்ட வேண்டும். சேவை தருவோருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே சொன்ன மாதிரிக் கூடம் மாதம் 1,80,000 வீதம் ஆண்டுக்கு 21.6 லட்சம் வாங்குகிறது, எனவே அதுவும் இதற்குள் வந்துவிடுகிறது.

இந்த வரி இரு தரப்பையும் ஒரே மாதிரித் தொடுவதில்லை. கம்பெனிக்கு 30,000 மேல் 5,400 வரி போட்டால், பெரும்பாலும் அதை அவர்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு விலை 30,000தான். சொந்தக் காசில் வரும் மாணவருக்கு அந்த வழி இல்லை. 2,500 என்பது அவருக்கு 2,950 ஆகிறது.

"2,500, எல்லாம் சேர்த்து" என்று நோட்டீஸ் அடித்தால் என்ன ஆகும்? அதில் வரி 381 ரூபாய். உங்களுக்கு வருவது 2,119. மாதம் 24 மாணவர்கள் என்றால் 9,000க்கும் மேல் போகிறது. எட்டுப் பேர் பேட்ச் நடத்தும் கூடத்தில் மாதக் கடைசியில் நின்றதே 4,800தான். அதனால் வரியோடு சேர்த்து 2,950 என்று முழுத் தொகையைச் சொல்லுங்கள். மாணவருக்கும் கடைசி நேரத்தில் அதிர்ச்சி இருக்காது.

"யார் தனிநபர், யார் கம்பெனி? சம்பளச் சான்று கேட்கிறீர்களா?"

கேட்பதில்லை. அதைச் சரிபார்க்கும் வேலைக்கே ஒரு ஆள் வேண்டும். ஒருவரின் ஏழ்மையை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அளப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. அரவிந்திலும் இலவசப் பிரிவா, கட்டணப் பிரிவா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை.

நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: பில் யார் பெயரில் வேண்டும்? சொந்தப் பெயரில் என்றால் 2,500. கம்பெனி பெயரில், அதன் ஜிஎஸ்டி எண்ணோடு வேண்டும் என்றால் 6,000. வகுப்பு, நாற்காலி, டீ எல்லாம் ஒன்றே. நல்ல சம்பளம் வாங்குபவர் சொந்தப் பெயரில் 2,500 கட்டிச் சேர்ந்தால் சேரட்டும். அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட மேல். கட்டிய ரசீதைக் காட்டி அவர் தன் அலுவலகத்தில் பணம் திரும்பப் பெற்றாலும் துருவிப் பார்ப்பதில்லை. வரி வரவு வேண்டும் என்று நினைக்கும் கம்பெனி எப்படியும் தன் பெயரில் பில் கேட்டே தீரும். அந்தத் தேவைதான் வேலி.

கடைக்காரர்கள்தான் நடுவில் நிற்பவர்கள். ஜிஎஸ்டி எண் இருக்கும், ஆனால் கடையில் அவரும் ஒரு உதவியாளரும்தான். உரிமையாளரே வந்து உட்கார்ந்தால் எந்தப் பெயரில் பில் கேட்டாலும் 2,500 என்று வைத்திருக்கிறோம்.

6,000 கட்டும் நாற்காலிகளைப் பேட்சுக்கு மூன்றுக்கு மேல் தருவதில்லை. ஒரே கம்பெனியிலிருந்து ஐந்து பேர் வந்து உட்கார்ந்தால் வகுப்பு அவர்கள் பிரச்சினையைச் சுற்றியே போகும். தனியாக வந்தவர் கேள்வி கேட்கத் தயங்கி வாய் மூடிக்கொள்வார்.

"பர்ச்சேஸ் துறை 22,000க்கு மேல் தர முடியாது என்கிறது. விட்டுக்கொடுக்கலாமா?"

தொகையில் விட்டுக்கொடுக்காதீர்கள், வேலையில் குறையுங்கள். அதே வேலையை 22,000க்குச் செய்தால் மிச்சம் 12,000 இலிருந்து 4,000 ஆகிவிடும். அடுத்த ஆண்டு பேச்சும் அந்த 22,000 இலிருந்துதான் தொடங்கும்.

மாற்று வழி இது. அவர்கள் ஆட்கள் உங்கள் கூடத்துக்கு வரட்டும். பயிற்சி உங்கள் வழக்கமான தாளில் நடக்கட்டும். தனித் தயாரிப்புக்கான ஆறு மணி நேரம் இல்லை, பயணமும் இல்லை. ஆறு மணி நேரத்துக்கு 8,000, டீ, சாப்பாடு, நோட்டு 2,000 என்று செலவு 10,000. வாங்குவது 22,000. மிச்சம் பழையபடி 12,000. ஆனால் மிச்சமான அந்த ஆறு மணி நேரத்தை வேறு யாருக்காவது விற்றால்தான் இந்தக் கணக்கு கையில் காசாக மாறும். பயிற்சியாளர் சும்மா உட்கார்ந்திருந்தால் அது தாளில் மட்டும் உள்ள மிச்சம்.

"கம்பெனியிலிருந்து பணம் வர இரண்டு, மூன்று மாதம் ஆகிறது. அதுவரை எப்படிச் சமாளிப்பது?"

சலுகைக் கட்டணத்தைக் கொல்வது இந்தத் தாமதம்தான். லாபம் கணக்கில் இருக்கும், வாடகை கையிலிருந்து போகும். கூடவே ஜிஎஸ்டியை நீங்கள் பில் போட்ட மாதத்தை வைத்துக் கட்ட வேண்டும், பணம் வந்த மாதத்தை வைத்து அல்ல. அதாவது வராத பணத்துக்கு 5,400 ரூபாய் உங்கள் பையிலிருந்து முதலில் போகிறது.

பாதி முன்பணம் கேளுங்கள். முன்பணத்துக்கும் வரி உண்டு, ஆனால் அது வந்த பணத்திலிருந்து போகும். முன்பணம் தர மறுக்கும் பெரிய கம்பெனிகளிடம் வேறு ஒரு பிடி இருக்கிறது. உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகார் தர அரசு இணையதளமும் இருக்கிறது.

நடைமுறையில் யாரும் தன் வாடிக்கையாளர் மீது புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. உண்மையில் வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தில் 2023-24 கணக்காண்டு முதல் வந்த மாற்றம். உரிய நாளுக்குள் கொடுக்காத தொகையைக் கம்பெனி அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. எந்த ஆண்டில் கொடுக்கிறதோ அந்த ஆண்டில்தான் காட்டலாம். அதனால் பில்லில் உத்யம் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கணக்குப் பிரிவே உங்களைத் தேடி போன் செய்யும். ஒப்பந்தம் போடும்போதும் "90 நாள்" என்று அவர்கள் எழுதித் தந்தால் கையெழுத்துப் போடும் முன் 45 என்று திருத்தச் சொல்லுங்கள்.

டிடிஎஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வழக்கமாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் பிடித்தம் 30,000 மீதுதான், அதாவது 3,000. அது உங்கள் வரிக் கணக்கில் சேர்ந்து, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது திரும்பும் அல்லது கழியும். ஆனால் இந்த மாதப் பேட்சை நடத்த உதவாது. கையில் வருவதை 27,000 என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

"எத்தனை சலுகை பேட்ச் தொடங்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?"

வங்கிக்கு வந்து சேர்ந்த பணத்தை வைத்து. போட்ட பில்லை வைத்து அல்ல.

இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம். கம்பெனிப் பணம் முழுவதும் வந்து சேரும் நாளில் அதிலிருந்து 12,000 அந்தக் கணக்குக்குப் போகும். ஒவ்வொரு பேட்சும் முடிந்ததும் எவ்வளவு துண்டு விழுந்ததோ அதை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். அடுத்த பேட்சுக்கு அறிவிப்புப் போட வேண்டுமானால் அந்தக் கணக்கில் எட்டுப் பேர் கணக்குப்படியான 14,400 இருக்க வேண்டும். இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும்; கட்டணம் ஏறாது. தனிக் கணக்கு இல்லாமல் மனக்கணக்கில் நடத்தினால், கம்பெனி வேலை நன்றாகப் போன மாதத்தில் தாராளமாகக் குறைத்துவிட்டு, மே மாதத்தில் வாடகைக்குத் தவிப்பீர்கள்.

கம்பெனிகளின் பயிற்சி ஒதுக்கீடு பெரும்பாலும் மார்ச் 31க்குள் செலவாக வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அழைப்புகள் குவியும், ஏப்ரல், மே காய்ந்து கிடக்கும். கல்லூரி முடித்தவர்கள் சேர வருவதோ மே, ஜூனில். காசு வரும் காலமும் தேவைப்படும் காலமும் இப்படி எதிரெதிராக இருப்பதால், அந்தக் கணக்கில் மார்ச் கடைசியில் இரண்டு பேட்சுக்கான தொகையாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

"வார இறுதி நேரத்தைக் கம்பெனி எப்படியும் வாங்காது. அப்படியானால் அது சும்மா கிடக்கும் நேரம்தானே? துண்டு விழுகிறது என்பதே பொய்க் கணக்கு அல்லவா?"

நல்ல கேள்வி, பாதி உண்மை. இரண்டு பயிற்சியாளர்களால் மாதம் 160 மணி நேரம் எடுக்க முடியும், விற்பது 120 என்றால், மீதி நேரத்தில் நான்காவது பேட்ச் ஒன்றைச் சேர்ப்பதற்குப் புதிய செலவு ஆளுக்கு 300 மட்டுமே. எட்டுப் பேர் வந்தாலே 17,600 கூடுதலாகக் கைக்கு வரும். அந்தக் கண்ணால் பார்த்தால் யாரும் யாருக்கும் சலுகை தரவில்லை. மாணவர்களும் வாடகையில் ஒரு பங்கைத் தூக்குகிறார்கள். அவர்களை "சலுகையில் வருபவர்" என்று அழைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் எல்லாப் பேட்சையும் இப்படிக் கணக்குப் போட்டால் 1,60,000 ரூபாயை யார் தூக்குவது? கூடுதலாக ஒரு பேட்ச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு. ஆண்டு முழுவதற்கும் கட்டணம் வைக்க முழுச் செலவுக் கணக்கு. இரண்டையும் கலந்ததால், கூட்டம் நிரம்பி வழிந்தும் வாடகை பாக்கி வைத்த கூடங்களைப் பார்த்திருக்கிறேன். வார இறுதியும் சம்பளத்தோடு வந்த இலவச நேரம் அல்ல. ஆறு நாள் ஓடிய பயிற்சியாளரை ஏழாம் நாளும் நிற்க வைத்தால் சில மாதத்தில் அவர் ராஜினாமா கடிதத்தோடு வருவார். திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை தர வேண்டும். அதுவும் கம்பெனிக்கு விற்கக்கூடிய ஒரு நாள்.

"குறைந்த கட்டணம் கட்டுவதால் எங்களுக்கு இளைய ஆளை அனுப்பிவிடுவீர்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி சரியான இடத்தில்தான் கை வைத்தார். நல்ல பயிற்சியாளரைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியவரை வார இறுதிக்கு விடும் பழக்கம் தானாகவே வந்துவிடும்; யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. எங்களிடம் இரண்டு பயிற்சியாளர்களும் மாதம் மாறி மாறி இரு பக்கமும் எடுக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பு உறுதியாகிவிட்டால், அதே நாளைக் கம்பெனி எவ்வளவு தந்து கேட்டாலும் கொடுப்பதில்லை. ஒரு முறை மாற்றினால் சொந்தக் காசில் வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள், நாற்காலிக் கணக்கு அங்கேயே உடையும்.

"ஒரே கம்பெனி ஆண்டு ஒப்பந்தம் தருகிறேன் என்கிறது. ஏற்கலாமா?"

ஏற்கலாம், அவர்கள் நாட்கள் உங்கள் மொத்தக் கம்பெனி நாட்களில் பாதியைத் தாண்டாத வரை. தாண்டினால் உங்கள் விலையை அவர்கள்தான் வைப்பார்கள், கூடவே மாணவர் கட்டணத்தையும்.

"கட்டணத்தை எப்போது உயர்த்துகிறீர்கள்?"

கம்பெனிக் கட்டணம் ஒவ்வோர் ஏப்ரலிலும் ஏறும். ஆனால் கடிதம் ஜனவரியிலேயே போய்விடும், ஏனென்றால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை அவர்கள் அப்போதுதான் எழுதுவார்கள். ஏப்ரலில் சொன்னால் "பட்ஜெட் போட்டாயிற்று" என்ற பதில் வரும். மாணவர் கட்டணத்தைத் தொடுவதற்கு முன், கடந்த ஆறு பேட்சுகளில் சராசரி எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்போம். பதினொன்றுக்குக் கீழே இருந்தால் கட்டணத்தை உயர்த்துவதில்லை, பேட்சைக் குறைக்கிறோம். பதினொன்றோ அதற்கு மேலோ இருந்து, அப்போதும் தனிக் கணக்கு தேய்ந்துகொண்டே போனால் மட்டும் 2,500 என்பது 2,700 ஆகும். முன்பே பெயர் கொடுத்தவர்களுக்குப் பழைய கட்டணம்தான்.